வளையங்கள் சொல்லும் ஆரம்

மாலை மழை ஓய்ந்த பிறகு திகாம் பத்துச் சாலையோரத்தில் நடப்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். மோட்டார் சைக்கிள் பட்டறையின் முன்னால் தேங்கிய நீரில் சிறிது எண்ணெய் சிந்தியிருக்கும். அந்த எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவி, சிவப்பு, பச்சை, நீலம் எனப் பல நிறங்களைக் காட்டும். எண்ணெய்க்கு அந்த நிறங்கள் கிடையாது, மழைநீருக்கும் கிடையாது. படலம் ஓரிடத்தில் எவ்வளவு தடிமனாக இருக்கிறதோ, அதற்கேற்ற நிறம் அவ்விடத்தில் தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத தடிமனை ஒளி நிறமாக எழுதிக் காட்டுகிறது என்று சொல்லலாம்.

எண்ணெய்ப் படலத்திற்கு ஒழுங்கான வடிவம் இல்லை. ஆகவே அதன் நிறங்களும் ஒழுங்கின்றிப் பரவிக் கிடக்கின்றன. அதே போன்ற மெல்லிய படலத்தை ஒழுங்கான வடிவத்தில் அமைத்தால் என்ன நடக்கும்? நிறங்களும் ஒழுங்குபெற்று வட்ட வட்டமாக அமையும். அந்த வட்டங்களே 'நியூட்டன் வளையங்கள்' எனப்படுகின்றன. அவற்றை அளந்தால், ஒரு கண்ணாடி வில்லை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைக் கண்டறியலாம்.

துண்டைக் கொண்டு பந்தை அறிதல்

ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் சற்றே புடைத்தும் இருக்கும் வில்லையைத் தட்டைக் குவிவில்லை என்பர். அதன் புடைத்த பக்கம் ஒரு பெரிய கோளத்தின் சிறு பகுதியாகும். அந்தக் கோளத்தின் ஆரமே வில்லையின் வளைவு ஆரம்.

ஒரு வில்லையின் வளைவு ஆரம் 100 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், அது இரண்டு மீட்டர் விட்டமுள்ள ஒரு கண்ணாடிப் பந்திலிருந்து வெட்டியெடுத்த துண்டைப் போன்றது. ஆனால், கையில் இருக்கும் வில்லையின் அகலம் 5 சென்டிமீட்டர்தான். அதன் நடுப்பகுதி விளிம்பைவிட 0.3 மில்லிமீட்டர் அளவே உயர்ந்திருக்கும். மூன்று தாள்களை அடுக்கினால் கிடைக்கும் உயரம் அது. அளவுகோலை வைத்து இதை அளக்க முயன்றால், சிறு பிழைகூட விடையைப் பெரிதும் மாற்றிவிடும். ஆகவே, இதைவிட நுண்ணிய ஓர் அளவுகோல் தேவை. ஒளியின் அலைநீளமே அந்த அளவுகோல்.

வளையங்கள் தோன்றும் விதம்

தட்டையான கண்ணாடித் தகடு ஒன்றை மேசைமீது வைத்து, அதன்மேல் வில்லையின் புடைத்த பக்கம் கீழே இருக்குமாறு வைக்க வேண்டும். வில்லை தகட்டை ஒரு புள்ளியில் மட்டுமே தொடும். அப்புள்ளியிலிருந்து வெளியே செல்லச் செல்ல, இரண்டுக்கும் இடையே உள்ள காற்றிடைவெளி மெல்ல மெல்ல அதிகரிக்கும். எண்ணெய்ப் படலத்தின் இடத்தில் இங்குக் காற்றுப் படலம் இருக்கிறது. வேறுபாடு என்னவென்றால், இந்தப் படலத்தின் தடிமன் எல்லாத் திசைகளிலும் ஒரே சீராக மாறுகிறது.

இப்போது மேலிருந்து ஒரே நிற ஒளியைச் செலுத்தினால், அதன் ஒரு பகுதி வில்லையின் அடிப்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. இன்னொரு பகுதி காற்றிடைவெளியைக் கடந்து, தகட்டின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. இரண்டாம் பகுதி இடைவெளியின் வழியாக ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏறுவதால், தடிமனைப்போல் இருமடங்கு தொலைவு கூடுதலாகச் செல்கிறது. பிறகு இரண்டு பகுதிகளும் மேலே ஒன்றுசேர்கின்றன. முகடும் முகடும் சேர்ந்தால் அவ்விடம் பளிச்சிடும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்து அவ்விடம் இருளும்.

வில்லை தகட்டைத் தொடும் நடுப்புள்ளியில் இடைவெளியே இல்லை. ஆகவே, இரண்டு பகுதிகளும் ஒரே தொலைவுதான் செல்கின்றன. அவ்விடம் பளிச்சிட வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால், அது கருமையாகவே தோன்றும். சுவரில் கட்டிய கயிற்றின் ஒரு முனையை மேல்நோக்கி உதறினால், அந்த அலை சுவரில் மோதியதும் கீழ்நோக்கிய அலையாகத் தலைகீழாகத் திரும்பி வருவதைக் காணலாம். அதைப்போலவே, காற்றின் வழியே வரும் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது தலைகீழாகிறது. கண்ணாடியின் உள்ளிருந்து வரும் ஒளி காற்றின் எல்லையில் பட்டுத் திரும்பும்போது அவ்வாறு ஆவதில்லை. இரண்டில் ஒன்று மட்டும் தலைகீழானதால், நடுவில் முகடும் பள்ளமும் சேர்ந்து இருள் உண்டாகிறது.

இதே காரணத்தால், கூடுதல் தொலைவு ஓர் அலைநீளம், இரண்டு அலைநீளம், மூன்று அலைநீளம் என முழு எண்ணாக அமையும் இடங்களிலெல்லாம் கரு வளையங்கள் தோன்றுகின்றன. நடுப்புள்ளியிலிருந்து ஒரே தொலைவில் உள்ள எல்லா இடங்களிலும் காற்றின் தடிமன் ஒன்றாக இருப்பதால், அவை வட்டமாக அமைகின்றன.

வட்டத்திலிருந்து ஆரத்திற்கு

பித்தகோரஸ் தேற்றத்தைக் கொண்டு, நடுவிலிருந்து r தொலைவில் உள்ள காற்றின் தடிமன் t எவ்வளவு என்று காணலாம். வளைவு ஆரம் R எனில்:

R² = r² + (R − t)²

இதை விரித்தால் 2Rt = r² + t² எனக் கிடைக்கும். t என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. ஆகவே, t² மிக மிகச் சிறியது, அதை விட்டுவிடலாம். எஞ்சுவது:

2t = r² / R

2t என்பதுதான் ஒளி சென்ற கூடுதல் தொலைவு. n ஆவது கரு வளையத்தில் அது n அலைநீளங்களுக்குச் சமம். ஆரத்திற்குப் பதிலாக வளையத்தின் விட்டம் D-ஐப் பயன்படுத்தினால், r = D/2. ஆகவே:

D² = 4nλR

இங்கு λ என்பது ஒளியின் அலைநீளம். இந்தச் சமன்பாடு ஒரு செய்தியைச் சொல்கிறது. விட்டங்கள் சம அளவில் கூடுவதில்லை. விட்டங்களின் வர்க்கங்களே சம அளவில் கூடுகின்றன. அதனால்தான் நடுவில் வளையங்கள் அகன்றும், வெளியே போகப் போக நெருங்கியும் காணப்படுகின்றன. 5 ஆவது வளையத்தின் விட்டத்தைப்போல் இருமடங்கு விட்டம் 10 ஆவது வளையத்திற்கு வராது. 20 ஆவது வளையத்திற்கே வரும்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு பிற்பகல்

சுங்கை பட்டாணி வட்டாரத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில், ஆறாம் படிவ மாணவியர் இருவர் இச்சோதனையைச் செய்வதாகக் கொள்வோம். மேசையில் சோடிய விளக்கு இருக்கிறது. அதை ஏற்றியவுடன் செந்நிறமாகத் தோன்றும். சில நிமிடங்கள் காத்திருந்தால்தான் முழு மஞ்சள் ஒளி கிடைக்கும். அந்த மஞ்சள் ஒளியின் அலைநீளம் 589 நானோமீட்டர், அதாவது 0.000589 மில்லிமீட்டர். வெள்ளொளியைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு நிறமும் தனித்தனி அளவில் வளையங்களை உண்டாக்கும். அவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, சில வளையங்களுக்குப் பிறகு மங்கிவிடும். ஒரே நிற ஒளி என்றால் இருபது, முப்பது வளையங்களைத் தெளிவாக எண்ணலாம்.

விளக்கின் ஒளி பக்கவாட்டிலிருந்து வருகிறது. வில்லைக்கு மேலே 45 பாகை சாய்வில் வைத்த கண்ணாடித் துண்டு அந்த ஒளியைக் கீழே திருப்பிவிடுகிறது. வளையங்களிலிருந்து திரும்பி வரும் ஒளி அதே கண்ணாடித் துண்டின் வழியாக மேலே சென்று நகர்நுண்ணோக்கியை அடைகிறது. நகர்நுண்ணோக்கி என்பது திருகைச் சுழற்றினால் பக்கவாட்டில் நகரும் நுண்ணோக்கி. எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை அதில் படிக்கலாம்.

மாணவியர் நடுவிலிருந்து எண்ணிக்கொண்டே இடப்புறம் 20 ஆவது கரு வளையத்தைக் கடந்து சென்றனர். பிறகு திரும்பி, இடப்புற 20, 15, 10, 5 ஆகிய வளையங்களின் அளவுகளைக் குறித்தனர். நடுவைக் கடந்து, வலப்புற 5, 10, 15, 20 ஆகியவற்றையும் குறித்தனர். அளவெடுக்கத் தொடங்கிய பிறகு திருகை ஒரே திசையில்தான் சுழற்ற வேண்டும். திருகின் புரிகளில் சிறு தளர்வு இருக்கும். திசையை மாற்றினால், திருகு சுழன்றாலும் நுண்ணோக்கி சிறிது நேரம் நகராமல் நின்று பொய்யான அளவைக் காட்டும்.

10 ஆவது வளையத்தின் இடப்புற அளவு 48.92 மில்லிமீட்டர்; வலப்புற அளவு 44.19 மில்லிமீட்டர். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் விட்டம் 4.73 மில்லிமீட்டர். வளையத்தின் நடுப்புள்ளி எங்கே இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்வது கடினம். அதனால்தான் ஆரத்தை நேரடியாக அளக்காமல், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை விட்டத்தை அளக்கிறார்கள். நான்கு வளையங்களின் விட்டங்களும் அவற்றின் வர்க்கங்களும் இவ்வாறு அமைந்தன:

5 ஆவது வளையம்: 3.26 மி.மீ.; வர்க்கம் 10.63
10 ஆவது வளையம்: 4.73 மி.மீ.; வர்க்கம் 22.37
15 ஆவது வளையம்: 5.84 மி.மீ.; வர்க்கம் 34.11
20 ஆவது வளையம்: 6.78 மி.மீ.; வர்க்கம் 45.97

ஒரே வில்லைக்கு நான்கு ஆரங்களா?

ஒரு மாணவி D² = 4nλR என்ற சமன்பாட்டில் 5 ஆவது வளையத்தின் அளவை இட்டாள். வளைவு ஆரம் 90.2 சென்டிமீட்டர் என்று வந்தது. வில்லை இருந்த பெட்டியின் மேல் 100 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது. அவள் 10 ஆவது வளையத்தை எடுத்துக்கொண்டாள்; 95.0 வந்தது. 15 ஆவது வளையம் 96.5 தந்தது. 20 ஆவது வளையம் 97.6 தந்தது.

“எங்கோ தப்பாக அளந்துவிட்டோம். பேசாமல் 100 என்று எழுதிவிடுவோமா?” என்று கேட்டாள் தோழி.

அவ்வழியே வந்த ஆசிரியர் அதைக் கேட்டுவிட்டார். “பெட்டியில் இருப்பதை எழுதுவதென்றால் அளந்திருக்கவே வேண்டாமே. தப்பாக அளந்தால் விடை சில நேரம் கூடும், சில நேரம் குறையும். உங்கள் விடைகளைப் பாருங்கள். அவை எப்படி மாறுகின்றன?” என்றார்.

இருவரும் மீண்டும் எண்களைப் பார்த்தனர். 90.2, 95.0, 96.5, 97.6. விடைகள் அங்குமிங்கும் சிதறவில்லை. ஒரே திசையில் படிப்படியாக ஏறின. கை தவறினால் இப்படி ஓர் ஒழுங்கு வராது. எல்லா வளையங்களையும் ஒரே விதமாகப் பாதிக்கும் காரணம் ஒன்று இருக்க வேண்டும்.

“ஐயா, கருவியில் ஏதும் பழுதா?” என்று கேட்டாள் முதல் மாணவி.

“நுண்ணோக்கியில் நடுப்புள்ளியைப் பார்த்தீர்களா? அது என்ன நிறம்?” என்று திருப்பிக் கேட்டார் ஆசிரியர்.

அவள் மறுபடியும் பார்த்தாள். கருமையாக இருக்க வேண்டிய நடுப்பகுதி மஞ்சளாகப் பளிச்சிட்டது. அவர்கள் அதைக் காணாமல் இல்லை. கண்டும் பொருட்படுத்தாமல் வளையங்களை எண்ணத் தொடங்கியிருந்தனர்.

தூசி செய்த வேலை

நடுப்புள்ளி பளிச்சிடுகிறது என்றால், வில்லை தகட்டைத் தொடவில்லை என்று பொருள். இடையே ஒரு தூசித் துகள் சிக்கி, வில்லையைச் சற்றுத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. அத்துகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால், அலைநீளத்தோடு ஒப்பிட்டால் அது பெரியது.

வில்லை மேலெழுந்ததால், எல்லா இடங்களிலும் காற்றின் தடிமன் ஒரே அளவு கூடிவிட்டது. ஒளியின் கூடுதல் தொலைவும் எல்லா இடங்களிலும் ஒரே அளவு கூடிவிட்டது. வில்லை உயர உயர, ஒவ்வொரு வளையமும் சுருங்கி நடுவை நோக்கி நகரும். உள்ளே இருந்த வளையங்கள் நடுப்புள்ளியில் மறைந்துபோகும். அவற்றின் இடத்தை அடுத்தவை பிடிக்கும். எத்தனை வளையங்கள் இவ்வாறு மறைந்தன என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. கண்ணில் படும் உள்வளையத்தையே அவர் முதல் வளையம் என்று எண்ணத் தொடங்குவார். ஆகவே, முழு முழு அலைநீளங்களாக உயர்ந்தது கணக்கில் தெரியாமலே போய்விடும். எஞ்சிய பின்னப் பகுதி மட்டும் கணக்கைக் கெடுக்கும்.

இந்தப் பின்னத்தை e என்று குறித்தால், சமன்பாடு இவ்வாறு மாறுகிறது:

D² = 4(n − e)λR

மாணவியரின் அளவுகளில் e-இன் மதிப்பு ஏறக்குறைய அரை. அதாவது, அவர்கள் 5 ஆவது என்று எண்ணிய வளையம் உண்மையில் 4.5 என்ற இடத்திலும், 20 ஆவது என்று எண்ணியது 19.5 என்ற இடத்திலும் இருந்தன. ஐந்தில் அரை என்பது பத்தில் ஒரு பங்கு. அதனால் முதல் விடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. இருபதில் அரை என்பது நாற்பதில் ஒரு பங்கு. அதனால் கடைசி விடையில் குறைவு சிறிதாக இருந்தது. விடைகள் படிப்படியாக ஏறிய காரணம் இதுதான்.

கழித்தால் கழியும் பிழை

e எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அது எல்லா வளையங்களுக்கும் ஒன்றுதான். ஆகவே, ஒரு வளையத்தின் வர்க்கத்திலிருந்து இன்னொரு வளையத்தின் வர்க்கத்தைக் கழித்தால் e தானாகவே நீங்கிவிடும். m ஆவது வளையத்தின் விட்டம் Dm, n ஆவது வளையத்தின் விட்டம் Dn எனில்:

R = (Dm² − Dn²) / 4(m − n)λ

மாணவியர் தங்கள் பழைய அளவுகளையே எடுத்துக்கொண்டனர். 20 ஆவது வளையத்தின் வர்க்கம் 45.97, 10 ஆவது வளையத்தின் வர்க்கம் 22.37. இரண்டுக்கும் வேறுபாடு 23.60. வளைய எண்களின் வேறுபாடு 10. 4 × 10 × 0.000589 என்பது 0.02356. 23.60-ஐ 0.02356-ஆல் வகுத்தால் 1002 மில்லிமீட்டர், அதாவது 100.2 சென்டிமீட்டர் கிடைக்கிறது.

அடுத்து 15 ஆவது, 5 ஆவது வளையங்கள். 34.11-இலிருந்து 10.63-ஐக் கழித்தால் 23.48. அதை அதே 0.02356-ஆல் வகுத்தால் 99.7 சென்டிமீட்டர். இரண்டின் சராசரி ஏறக்குறைய 100 சென்டிமீட்டர்.

முதலில் நான்கு வெவ்வேறு ஆரங்களைத் தந்த அதே எண்கள், கழித்துப் பார்த்ததும் ஒரே ஆரத்தைச் சொல்லிவிட்டன. வளையத்தின் எண்ணை ஒன்று கூட்டியோ குறைத்தோ எண்ணியிருந்தாலும் விடை மாறியிருக்காது. எல்லா எண்களும் ஒன்றாகவே நகர்ந்திருக்கும். அவற்றின் வேறுபாடு அப்படியே இருந்திருக்கும்.

ஆனால், 99.95 என்று எழுதிப் பெருமைப்பட இடமில்லை. விட்டத்தை அளப்பதில் 0.01 மில்லிமீட்டர் பிழை வந்தாலே, 20 ஆவது வளையத்தின் வர்க்கம் 0.14 அளவு மாறும். அது 23.60-இல் ஏறக்குறைய நூற்றில் அரைப் பங்கு. ஆகவே, ஆரம் 100 சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று எழுதுவதே நேர்மையான விடை.

பிறகு ஆசிரியர் வில்லையையும் தகட்டையும் மென்துணியால் துடைத்து மீண்டும் வைக்கச் சொன்னார். இம்முறை நடுப்புள்ளி கருமையாக இருந்தது. 5 ஆவது வளையத்தின் விட்டம் 3.43 மில்லிமீட்டர், 20 ஆவது வளையத்தின் விட்டம் 6.86 மில்லிமீட்டர். இரண்டாவது, முதலாவதைப்போல் சரியாக இருமடங்கு. எல்லா வளையங்களும் இடம் மாறியிருந்தன. ஆனால், கழித்துக் காணும் ஆரம் 99.9 சென்டிமீட்டர், மாறவே இல்லை.

கழித்தாலும் கழியாத பிழை

இந்த முறை எல்லாப் பிழைகளையும் நீக்கிவிடும் என்று எண்ணக்கூடாது. எல்லா வளையங்களிலும் ஒரே அளவைக் கூட்டும் அல்லது குறைக்கும் பிழையைத்தான் கழித்தல் நீக்கும். எல்லா வளையங்களையும் ஒரே விகிதத்தில் சுருக்கும் பிழையை அது தொடாது.

வில்லையைக் கழுவிவிட்டுச் சரியாகத் துடைக்காமல் வைத்தால், இடைவெளியில் காற்றுக்குப் பதிலாக நீர் தேங்கலாம். நீரில் ஒளியின் அலைநீளம் காற்றில் உள்ளதைப்போல் முக்கால் பங்குதான். ஆகவே, விட்டங்களின் வர்க்கங்களும் முக்கால் பங்காகச் சுருங்கும். வளையங்கள் அழகாகவே தோன்றும். நடுப்புள்ளியும் கருமையாகவே இருக்கும். எந்த இரண்டு வளையங்களைக் கழித்தாலும் ஒரே விடைதான் வரும். ஆனால், அந்த விடை 75 சென்டிமீட்டராக இருக்கும். விடைகள் ஒன்றோடொன்று பொருந்துவதால் மட்டும் அவை உண்மையாகிவிடா என்பதை இது காட்டுகிறது.

வளையங்களின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். அவை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகவோ நெளிந்தோ தோன்றினால், வில்லையோ தகடோ சீராக இல்லை. அப்போது ஒரே ஓர் ஆரம் என்று சொல்லவே இயலாது. வில்லை செய்யும் பட்டறைகளில் இதையே பயன்படுத்திக்கொள்கிறார்கள். அளவு தெரிந்த கண்ணாடியின்மேல் புதிய வில்லையை வைத்து, வளையங்கள் எங்கே நெளிகின்றன என்று பார்த்து, எங்கே இன்னும் தேய்க்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள்.

மறுதிசையில் நடந்த கணக்கு

அழுத்திய கண்ணாடிகளுக்கிடையே தோன்றும் இந்நிறங்களை ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிவியலாளர் 1665 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் குறிப்பிட்டிருந்தார். ஆனால், அவற்றைக் கவனமாக அளந்தவர் ஐசக் நியூட்டன். அதனாலேயே வளையங்கள் அவர் பெயரைப் பெற்றன. அவர் தொலைநோக்கிகளுக்காகச் செய்த இரண்டு பெரிய வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தார். நடுவில் கரும்புள்ளி தோன்றும்வரை மெல்ல அழுத்தினார். பளிச்சிடும் வளையங்களின் விட்ட வர்க்கங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண்களின் வரிசையிலும், கரு வளையங்களின் வர்க்கங்கள் 2, 4, 6, 8 என்ற இரட்டை எண்களின் வரிசையிலும் அமைவதைக் கண்டார். இடைவெளியில் நீரை விட்டு, வளையங்கள் சுருங்குவதையும் அளந்தார். இவை 1704 ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ஒளியியல் நூலில் இடம்பெற்றுள்ளன.

நியூட்டனுக்கு ஒளியின் அலைநீளம் தெரியாது. ஒளி அலை என்பதையே அவர் ஏற்கவில்லை. ஆனால், வில்லையின் வளைவு அவருக்குத் தெரியும். அதைக்கொண்டு, முதல் கரு வளையத்தில் காற்றின் தடிமன் அங்குலத்தில் 89,000-இல் ஒரு பங்கு என்று கணக்கிட்டார். நூறாண்டுகளுக்குப் பிறகு, 1801 ஆம் ஆண்டில், ஒளி அலையே என்று வாதிட்ட தாமஸ் யங், நியூட்டனின் அதே அளவுகளிலிருந்து ஒவ்வொரு நிறத்தின் அலைநீளத்தையும் கண்டறிந்தார். நியூட்டன் சொன்ன தடிமனை இருமடங்காக்கினால் ஏறக்குறைய 571 நானோமீட்டர் வருகிறது. மஞ்சள் ஒளியின் அலைநீளம் அதுதான்.

அன்று வில்லையின் ஆரம் தெரிந்திருந்தது. அதிலிருந்து அலைநீளம் கிடைத்தது. இன்று அலைநீளம் தெரிந்திருக்கிறது. அதிலிருந்து ஆரம் கிடைக்கிறது. இரண்டையும் இணைப்பவை அதே வளையங்கள்தாம். ஒளியை அலையாகக் கருதாத ஒருவர் எடுத்த அளவுகள், ஒளியின் அலைநீளத்தையே சொல்லும் அளவுக்குத் துல்லியமாக இருந்தன. தாம் எதிர்பார்த்ததை எழுதாமல், கண்ணில் கண்டதை எழுதியதால்தான் அது நடந்தது. சுங்கை பட்டாணி மாணவியர் பெட்டியின் மேலிருந்த எண்ணை எழுதியிருந்தால் விடை சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால், வில்லைக்கு அடியில் ஒரு தூசி இருந்ததை அவர்கள் ஒருபோதும் அறிந்திருக்க மாட்டார்கள்.